நிமிடத்துக்கு ஆறு மூச்சு: திரையில் உயரும் அலை எதைக் காட்டுகிறது?

மார்பில் சென்சார் பட்டையைக் கட்டிக்கொண்டு, கைபேசிச் செயலியைத் திறந்து சும்மா உட்கார்ந்தால், இதயத்துடிப்புக் கோடு ஒழுங்கில்லாமல் மேலும் கீழுமாக ஓடும். 68, 71, 69, 73 என்று எண் தாவிக்கொண்டே இருக்கும். அதே ஆள் நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில் மெதுவாக மூச்சுவிடத் தொடங்கினால், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் கோட்டின் உருவமே மாறிவிடும். மூச்சை இழுக்கும்போது ஏறி, விடும்போது இறங்கி, பத்து வினாடிக்கு ஓர் அலை என்று வரிசையாக வரும். உயரமும் முன்பைவிட இரண்டு மூன்று மடங்காக இருக்கும்.

இதைப் பார்த்ததும் பயிற்சி வேலை செய்கிறது என்று தோன்றும். பல செயலிகளும் அந்த நேரத்தில் பச்சை நிறம் காட்டி, மதிப்பெண்ணை ஏற்றி அதையே சொல்கின்றன. ஆனால் இந்த அலை முதல் நாளே, முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும். பயிற்சியே செய்யாதவருக்கும் வரும். மூச்சின் வேகம் மாறியதால் வந்த அலை இது. உடம்பில் ஏதோ மாறிவிட்டது என்பதற்கு இது சாட்சி ஆகாது. எட்டு வாரம் கழித்து முன்னேற்றம் உண்டா என்று பார்க்க விரும்புகிறவர் முதலில் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுவதைத்தான் இதயத்துடிப்பு மாறுபாடு என்கிறார்கள். அதைத் திரையில் பார்த்துக்கொண்டே மாற்றப் பழகும் பயோஃபீட்பேக் பயிற்சியில் அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படுவது இந்த இடம்தான்.

அலை ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்று பார்ப்போம். மூச்சை இழுக்கும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் மேல் வைத்திருக்கும் பிடி கொஞ்சம் தளரும், துடிப்பு வேகமாகும். விடும்போது பிடி திரும்ப இறுகும், துடிப்பு மெதுவாகும். 1847-லேயே ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் இதைக் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 18 தடவை மூச்சுவிடும்போதும் இது நடக்கிறது. அப்போது ஏற்ற இறக்கம் சிறியது, அவ்வளவுதான்.

இதோடு இன்னொரு சுற்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்பும், இதயம் மெதுவாகும், ரத்தக் குழாய்கள் தளரும், அழுத்தம் இறங்கும். இறங்கியதும் எதிர்த் திசையில் அதே வேலை நடக்கும். பரோரிஃப்ளெக்ஸ் என்று அழைக்கப்படுவது இதுதான். இந்தத் திருத்தம் உடனடியாக நடந்துவிடுவதில்லை. இதயத்துடிப்பு மாறி, அது அழுத்தத்தில் தெரிய ஏறத்தாழ ஐந்து வினாடி ஆகிறது. ஏற ஐந்து, இறங்க ஐந்து என்று ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து வினாடி. அதாவது நிமிடத்துக்கு ஆறு. மூச்சும் அதே வேகத்துக்கு வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது போல, இரண்டு ஏற்ற இறக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. மூச்சை இழுத்து முடிக்கும் நேரமும் துடிப்பு உச்சத்துக்குப் போகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

இந்த ஒத்திசைவை அளந்து, அதைப் பயிற்சி முறையாக வளர்த்ததில் எவ்கெனி வஷில்லோவுக்கும் பால் லேரருக்கும் பெரிய பங்கு உண்டு. வஷில்லோ சோவியத் காலத்தில் விண்வெளி வீரர்களோடு இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவர். பிறகு அமெரிக்காவில் லேரரோடு சேர்ந்து 2000-இல் பயிற்சிக் கையேடு ஒன்றை வெளியிட்டார். இன்று பல இடங்களில் சொல்லிக்கொடுக்கப்படும் முறையின் எலும்புக்கூடு அதிலிருந்து வந்ததுதான். இடையில் ஒரு சுவையான செய்தியையும் சொல்லிவிடலாம். 2001-இல் லூசியானோ பெர்னார்டியின் குழு, லத்தீன் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லவைத்துப் பார்த்தபோது, இரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற வேகத்துக்கே கொண்டுவந்தன. ஆறு என்ற எண்ணை ஆய்வுக்கூடம்தான் முதலில் கண்டுபிடித்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறு என்பது சராசரி. ஒவ்வொருவருக்கும் அது 4.5-க்கும் 7-க்கும் நடுவில் எங்காவது இருக்கும். உடம்பில் ரத்தத்தின் அளவு கூடக்கூடச் சுற்று மெதுவாகிறது என்பதால், உயரமானவர்களுக்கு எண் சற்றுக் குறைவாக வரும்.

இனி ஓர் ஆளை எடுத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். 42 வயது, நல்ல உயரம், இதய நோய் எதுவும் இல்லை, ஓய்வில் துடிப்பு நிமிடத்துக்கு 70, படுத்தால் தூக்கம் வரத் தாமதமாகிறது என்பதுதான் குறை. ஆளும் எண்களும் கற்பனை. ஆனால் அசல் பதிவுகள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் இந்த எண்களும் நடந்துகொள்கின்றன.

முதலில் அவருக்கான வேகத்தைத் தேட வேண்டும். 6.5, 6, 5.5, 5, 4.5 என்று ஐந்து வேகத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடம் மூச்சுவிட்டு, ஒவ்வோர் அலையிலும் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியைக் குறித்துக்கொள்கிறார். வரிசையாக 9, 12, 14, 13, 10 துடிப்பு என்று வருகிறது. 5.5-இல் அலை உயரமாக இருக்கிறது. 5-இலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான் என்பதால், எந்த அலை வழுவழுப்பாக, இடையில் சின்ன முள் இல்லாமல் வருகிறது என்று பார்த்து 5.5-ஐயே எடுத்துக்கொள்கிறார். ஒரு மூச்சுக்குப் பதினொரு வினாடிக்குச் சற்றுக் குறைவு. இழுக்க நாலரை வினாடி, விட ஆறரை வினாடி என்று வைத்துக்கொள்ளலாம். விடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் பலருக்கு வசதியாக இருக்கிறது. சமமாக விட்டாலும் தப்பில்லை. இந்தத் தேடலை வேறொரு நாளில் இன்னொரு தடவை செய்துபார்ப்பது நல்லது. 13-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் ஒரே நாள் அளவில் நம்பும்படியானது இல்லை.

வேகத்தைவிட அதிகம் கெடுவது ஆழம். 'மெதுவாக' என்று சொன்னாலே பலர் 'ஆழமாக' என்று எடுத்துக்கொண்டு நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் தப்பு புரியும். ஒரு மூச்சுக்கு அரை லிட்டர், நிமிடத்துக்கு 12 மூச்சு என்று வையுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும், ரத்தத்தோடு பரிமாற்றம் நடக்கும் இடத்துக்குப் போகாது. மீதி 350. பன்னிரண்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு 4.2 லிட்டர். ஆறு மூச்சில் அதே 4.2 லிட்டர் போய்ச் சேர, ஒவ்வொரு மூச்சும் 850 மில்லிலிட்டர் இருந்தால் போதும். முன்பைப் போல இரண்டு மடங்குகூட வேண்டாம். ஒருவர் ஒன்றரை லிட்டர் இழுத்தால், போய்ச் சேருவது 8 லிட்டரைத் தாண்டிவிடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை லேசாகச் சுற்றும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுக்கும். 'எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இழுக்கும் காற்றைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வரைபடத்தைப் படிப்பதிலும் ஆழம் குழப்பம் செய்யும். ஒரே வேகத்தில் அதிகக் காற்றை இழுத்தால் அலையின் உயரமும் கூடும். நம் ஆள் மூன்றாவது வாரத்தில் 14 துடிப்பிலிருந்து 19-க்குப் போகிறார். செயலி பாராட்டுகிறது. ஆனால் அதே நாட்களில் விரல் குறுகுறுப்பதாகவும், பயிற்சி முடிந்ததும் இரண்டு மூன்று பெருமூச்சு வருவதாகவும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். திரையில் உயரமான அலை வேண்டும் என்று அவருக்கே தெரியாமல் அதிகமாக இழுத்திருக்கிறார். காற்றைக் குறைத்ததும் அலை 15-க்கு இறங்குகிறது. பயோஃபீட்பேக்கின் இயல்பே இது: எதைப் பார்த்துப் பயிற்சி செய்கிறோமோ அதை உயர்த்த உடம்பு ஏதாவது வழி கண்டுபிடிக்கும். அந்த வழி நமக்கு வேண்டிய வழிதானா என்று திரை சொல்லாது.

பயிற்சியின்போது வரும் பதிவை அப்படியானால் எதற்குப் பயன்படுத்துவது? திறமையைப் பார்க்கலாம். ஒரே வேகம், ஒரே இருக்கை, ஏறத்தாழ ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு, உட்கார்ந்த எத்தனை நிமிடத்தில் அலை நிலைக்கு வருகிறது, இருபது நிமிடத்தில் எத்தனை இடத்தில் உடைகிறது, எப்போது இழுக்க, எப்போது விட என்று திரையில் வழிகாட்டும் கோட்டை மறைத்துவிட்டால் அலை தொடர்கிறதா என்று பார்க்கலாம். எச்சில் விழுங்கினாலும், தோளை அசைத்தாலும், மனம் வேறெங்கோ போய் மூச்சு மாறினாலும் அலை உடையும். நம் ஆளுக்கு முதல் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அலை சிதறியே இருந்தது. ஆறாவது வாரத்தில் ஓரிரு இடத்தில்தான் உடைகிறது. இது நிஜமான முன்னேற்றம். மூச்சை ஒரே சீராக விடக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று இதற்கு அர்த்தம். ஓய்வில் அவர் நரம்பு மண்டலம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு இதில் பதில் கிடையாது.

இங்கே இரண்டு எண்களைப் பற்றி எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒன்று, 'கோஹீரன்ஸ்' என்ற பெயரில் சில செயலிகள் தரும் மதிப்பெண். ஏற்ற இறக்கம் முழுக்க ஒரே வேகத்தில் குவிந்திருக்கிறதா என்பதைத்தான் அது அளக்கிறது. நான்கு துடிப்பு உயரமே உள்ள குட்டி அலையும் ஒழுங்காக இருந்தால் உயர்ந்த மதிப்பெண் வாங்கிவிடும். இன்னொன்று LF/HF என்ற விகிதம். 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவீட்டு வழிகாட்டி, துடிப்பின் ஏற்ற இறக்கங்களில் 0.04 முதல் 0.15 ஹெர்ட்ஸ் வரை உள்ள மெதுவானவற்றை LF என்றும், 0.15 முதல் 0.4 வரை உள்ள வேகமானவற்றை HF என்றும் பிரித்தது. சாதாரண மூச்சு HF பகுதியில் விழும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் 0.1 ஹெர்ட்ஸ், நேராக LF பகுதியின் நடுவில் விழுகிறது. ஆகவே மெதுவாக மூச்சுவிட்ட உடனே இந்த விகிதம் பல மடங்கு எகிறும். அதை 'மனஅழுத்தம்' என்று பெயர் போட்டுக் காட்டும் செயலியில், அமைதியாகக் கண்மூடி உட்கார்ந்திருப்பவருக்கு அழுத்தம் உச்சத்தில் இருப்பதாகச் சிவப்பு விழும். பயந்துவிட வேண்டாம். பயிற்சி நேரத்தில் அந்த எண்ணைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

உடம்பில் மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்க்க, பயிற்சிக்கு வெளியே ஓய்வில் எடுக்கும் அளவு வேண்டும். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி டீ எதுவும் குடிக்கும் முன், ஒரே நிலையில் உட்கார்ந்தோ படுத்தோ, இரண்டு நிமிடம் அடங்கியபின் மூன்று நிமிடப் பதிவு. இதற்கு வழக்கமாகப் பார்ப்பது RMSSD. அடுத்தடுத்த இரண்டு துடிப்பு இடைவெளிகளுக்குள் உள்ள வித்தியாசங்களை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது. மில்லிவினாடியில் வரும்.

வர்க்கப்படுத்துவதால் இதில் ஒரு பலவீனம் உண்டு. மூன்று நிமிடத்தில் சுமார் 210 துடிப்பு. நம் ஆளின் உண்மையான RMSSD 31 என்று வையுங்கள். அன்று பட்டை காய்ந்திருந்து, சென்சார் ஒரே ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. 857 மில்லிவினாடி இருக்க வேண்டிய இடைவெளி 1714 ஆகப் பதிவாகிறது. அதற்கு முன்னும் பின்னும் 857 வித்தியாசம் இரண்டு தடவை. அதை வர்க்கப்படுத்திச் சேர்த்தால் அன்றைய RMSSD ஏறத்தாழ 90 ஆகிவிடும். ஒரே துடிப்பு தவறியதால் மூன்று மடங்கு! நல்ல செயலி இப்படிப்பட்ட இடத்தை அடையாளம் கண்டு திருத்தும், சிலது திருத்தாது. அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் இடைவெளிக் கோட்டையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். தனியாக வானத்தை நோக்கி ஒரு முள் நின்றால் அந்த நாளைக் கழித்துவிடலாம். முள் அடிக்கடி வந்தால், பட்டையை ஈரப்படுத்தியும் நிற்கவில்லை என்றால், அது அதிகப்படித் துடிப்பாகவும் இருக்கலாம். ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். மணிக்கட்டுக் கடிகாரம் தோல் வழியாக ஒளியை வைத்து அளக்கிறது. அசையாமல் இருக்கும்போது பரவாயில்லை, ஆனால் இந்த வேலைக்கு மார்புப் பட்டை நம்பகமானது.

சரி, பதிவு சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியைத் தொடங்கும் முன் நம் ஆள் இரண்டு வாரம் காலையில் அளந்திருக்கிறார். எண்கள் 22-க்கும் 41-க்கும் நடுவில் அலைகின்றன, சராசரி 31, திட்ட விலக்கம் 5. பயிற்சி எதுவும் இல்லாமலே இவ்வளவு ஆட்டம். தூக்கம், முந்தைய இரவு குடித்த மது, லேசான காய்ச்சல், கடுமையான உடற்பயிற்சி எல்லாம் இதை இறக்கும். இரண்டு வாரம் பொறுமையாக அளக்காமல் நேராகப் பயிற்சிக்குப் போனவருக்கு, பிறகு வரும் எந்த எண்ணையும் எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாது.

நான்காவது வாரத்தில் ஒரு காலை 46 வருகிறது. மறுநாள் 27. இரண்டையும் தனியாகப் பார்த்தால் முதல் நாள் கொண்டாட்டம், அடுத்த நாள் சோர்வு. அந்த வாரச் சராசரி 33. தினமும் 5 அளவுக்கு ஆடும் எண்ணை ஏழு நாளுக்குச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரியே ஏறத்தாழ 2 ஆடும். அதில் இரண்டு மடங்கை, அதாவது 4-ஐ, 31-க்கு இருபுறமும் விட்டால், எதுவும் மாறாவிட்டாலும் வாரச் சராசரி 27-க்கும் 35-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். 33 எதையும் சொல்லவில்லை. வரைபடத்தில் 27-இலும் 35-இலும் இரண்டு கிடைக்கோடு போட்டுவைத்தால், வாரச் சராசரிப் புள்ளி அவற்றுக்கு நடுவில் இருக்கும்வரை பேச ஒன்றுமில்லை என்று கண்ணுக்கே தெரியும். செயலி தினமும் போடும் மேல்நோக்கு அம்புக்குறியைவிட இந்த இரண்டு கோடு உருப்படியானது.

ஏழாவது வாரச் சராசரி 38. எட்டாவதும் 38. மேல் கோட்டைத் தாண்டிவிட்டது. இப்போது முன்னேற்றம் என்று சொல்லலாமா?

இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். காலைப் பதிவின் கோட்டைப் பெரிதாக்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை அலை என்று எண்ணிப் பார்க்கிறார். தொடக்க வாரங்களில் நிமிடத்துக்கு 14 சிற்றலை. இப்போது 8 தான். ஏழு வாரமாக அதே நாற்காலியில், அதே பட்டையோடு மெதுவாக மூச்சுவிட்டுப் பழகிய உடம்பு, பட்டையைக் கட்டியதுமே தானாக மெதுவாக மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. ஓய்வுப் பதிவு என்று நினைத்தது பாதிப் பயிற்சிப் பதிவாகிவிட்டது. மொத்த ஏற்ற இறக்கத்தை அளக்கும் SDNN என்ற எண் இதனால் ரொம்பவே எகிறும். RMSSD அவ்வளவு ஏமாறாது என்றாலும், அதுவும் ஏறும்.

சோதித்துப் பார்க்க வழி எளிது. அதே காலையில், வழிகாட்டும் கோட்டை நிமிடத்துக்கு 14 என்று வைத்து, அந்த வேகத்தில் சாதாரண ஆழத்தில் மூச்சுவிட்டுக்கொண்டு இன்னொரு பதிவு எடுக்கிறார். ஒரு வாரம் இப்படி எடுத்ததில் சராசரி 33. கூடியதாகத் தெரிந்த 7-இல் 5 மூச்சின் வேகத்திலிருந்து வந்தது. மீதி 2 அந்த இரண்டு கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தொடக்க இரண்டு வாரத்திலேயே இந்த 14 மூச்சுப் பதிவையும் சேர்த்து எடுத்திருந்தால் ஒப்பீடு இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். தொடங்கப்போகிறவர்கள் அதைச் செய்துவிடலாம், நாளுக்கு மூன்று நிமிடம்தான் கூடுதல். ஓய்வில் மூச்சு தானாகவே மெதுவாகிவிட்டது என்றால் அதுவும் ஒரு மாற்றம்தானே என்று கேட்கலாம். மாற்றம்தான். ஆனால் பட்டை கட்டாத நேரத்தில், மேசையில் வேலை செய்யும்போது யாராவது எண்ணிப் பார்த்து 8 வந்தால்தான் அதை நம்ப முடியும்.

ஓய்வு நேர இதயத்துடிப்பையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். நடைப்பயிற்சி தொடங்கி, துடிப்பு 70-இலிருந்து 64-க்கு இறங்கினால், அதோடு RMSSD-யும் ஏறும். அந்த ஏற்றத்தை மூச்சுப் பயிற்சியின் கணக்கில் எழுதக் கூடாது.

இவ்வளவும் படித்துவிட்டு, பயிற்சியால் உடம்பில் எதுவுமே மாறாது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. லேரர் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் சுமார் மூன்று மாதம் பயிற்சி செய்தபிறகு, ஓய்விலும் பரோரிஃப்ளெக்ஸின் உணர்திறன் கூடியிருந்தது. அதாவது ரத்த அழுத்தம் ஒரு அளவு மாறினால் இதயம் முன்பைவிடப் பலமாகப் பதில் சொன்னது. அங்கே வீட்டுப் பயிற்சி நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிடம். அந்த உணர்திறனை அளக்க, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவி தேவைப்படுகிறது. கைபேசியும் மார்புப் பட்டையும் அதைக் காட்டாது. பயிற்சியால் பலப்படும் என்று எதிர்பார்க்கப்படும் விஷயம் ஒன்று, வீட்டில் நாம் வரையும் கோடு வேறொன்று. ஓய்வு RMSSD உயர்கிறதா என்பதில் ஆய்வுகளே ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை. அதனால் காலைக் கோடு தட்டையாகக் கிடந்தால் அதைத் தோல்வி என்று படிக்கவும் வேண்டாம்.

சிலருக்கு இந்த வரைபடமே பொருந்தாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவரின் துடிப்பு இயல்பிலேயே தாறுமாறாக வருவதால் RMSSD மிக உயர்வாக இருக்கும். செயலி அதை அபாரம் என்று சொல்லும், உண்மை நேர்மாறு. பேஸ்மேக்கர் துடிப்பை நடத்தும்போது அலைக்கு இடமே இல்லை. நீண்ட கால சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு எவ்வளவு சீராக மூச்சுவிட்டாலும் அலை தட்டையாகவே இருக்கலாம், அதில் அவர் தப்பு எதுவும் கிடையாது. துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தொடங்கினாலோ அளவு மாற்றினாலோ அடிப்படைக் கோடே நகர்ந்துவிடும். அன்றைக்கு வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வயது ஏற ஏற அலையின் உயரம் குறைவதும் இயல்பு. அறுபது வயதுக்காரர் தன் 6 துடிப்பு அலையை இருபது வயதுக்காரரின் 20-ஓடு வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

நம் ஆளுக்கு வருவோம். பன்னிரண்டாவது வாரத்தில் ஐந்து வேகச் சோதனையைத் திரும்பச் செய்கிறார். 5.5-தான் இன்னும் உயரம், 15 துடிப்பு. முதலில் 14. காலையில் 14 மூச்சு வேகத்தில் எடுத்த வாரச் சராசரிகள் 33, 32, 34. அவர் இதைத் தொடங்கியதே தூக்கத்துக்காக. படுத்தபின் தூக்கம் வர ஆகும் நேரத்தைத் தோராயமாகக் குறிப்பேட்டில் எழுதிவந்திருக்கிறார். முதல் இரண்டு வாரத்தில் சராசரி 40 நிமிடம், இப்போது 25. எட்டாவது வாரத்தில் உச்சத்தில் நின்ற RMSSD-யோடு இது சேர்ந்து போகவில்லை, ஐந்தாவது வாரத்திலேயே குறையத் தொடங்கியிருக்கிறது.

இது மூச்சால் வந்ததா, தூங்கும் முன் இருபது நிமிடம் விளக்கைக் குறைத்துச் செய்திகள் பார்க்காமல் உட்கார்ந்ததால் வந்ததா என்று இந்த வரைபடத்தை வைத்துச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், இரண்டு வாரம் அதே நேரத்தில், அதே நாற்காலியில், அதே இருபது நிமிடம் உட்கார்ந்து, வழிகாட்டும் கோட்டை மட்டும் நிமிடத்துக்கு 14 என்று மாற்றி வைத்துக்கொண்டு தூக்க நேரத்தை எழுதலாம். அப்புறம் இரண்டு வாரம் திரும்ப 5.5. மார்புப் பட்டை அந்த நான்கு வாரமும் அலமாரியிலேயே இருக்கலாம்.